ஒரே கடனுக்கு இரண்டு தவணை

அரச சேவையில் முப்பத்தாறு வருடம் இருந்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் நான். பிரதம இலிகிதர் என்பவர் தானாக எதையும் செய்வதில்லை. மற்றவர்கள் செய்வதில் பிழை பிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குபவர். ஓய்வு பெறும்போது அலுவலகத் திறப்பு, அடையாள அட்டை, கல்குலேற்றர் எல்லாவற்றையும் பாரம் கொடுத்தேன். பிழை பிடிக்கும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஆகவே அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மின்சாரப் பட்டியல், கோயில் வரவுசெலவு அறிக்கை, கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் என்று கைக்கு வந்த எந்தத் தாளும் என் சிவப்புப் பேனைக்குத் தப்பியதில்லை.

இதனால் எங்கள் ஒழுங்கையில் எனக்கு மரியாதை அதிகம். மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதை அயலவர்கள் தூரத்தில் வைத்திருத்தல் என்று சொல்லக்கூடும்.

கொக்குவிலில் எங்கள் மதிலுக்குப் பின்வீட்டில் ஓர் இளம் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்தப் பெண் குருநகர்க்காரி. ஒரு திணைக்களத்தின் வெளிக்கள அலுவலகத்தில் வேலை. கணவன் மயிலிட்டியில் கடற்றொழில். விடியப்புறம் போய் மத்தியானம் மீன் வெடிலோடு வந்து படுத்துவிடுகிற, அதிகம் கதைக்காத பெடியன். எட்டு மாதத்துக்கு முன்னர்தான் கல்யாணம். ரயில் பாதைக்கு அங்காலே இரண்டு பரப்புக் காணி ஒன்று விலைக்கு வந்திருந்தது. உரிமைக்காரர் கனடாவிலிருந்து லீவில் வந்தவர். அடுத்த மாதம் பதினைந்தாம் திகதி விமானம் ஏறுகிறார். அதற்கு முதல் காணி உறுதி எழுதி முடித்தால் இவர்களுக்கு, இல்லாவிட்டால் கூடுதல் விலை சொல்லிக்கொண்டு காத்திருக்கும் தரகருக்கு. வங்கிக்கடன் ஏறக்குறைய ஒப்பேறிவிட்டது. கடைசி மாதச் சம்பளச் சீட்டு ஒன்றுதான் பாக்கி.

இருபத்தைந்தாம் திகதி சம்பளம் விழுந்தது. அன்று பின்னேரம் அவள் சம்பளச் சீட்டோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அங்கிள், இதை ஒருக்காப் பாருங்கோ. இந்தமுறை கையிலை வாறது நல்லாக் குறையுது. எங்கை போனதெண்டு தெரியேல்லை."

என் மனைவி உள்ளே இருந்து சொன்னாள்: "பிள்ளை, இருந்து கதை. மனிசனுக்கு இண்டைக்குப் பெருநாள்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கழிவுகள் வரிசையாக இருந்தன. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, காப்புறுதி, முத்திரை வரி. அரச ஊழியருக்குக் கொடுக்கும் இடர்கடனின் தவணை ஒன்று. எல்லாம் முறைப்படி. அடியில் "ஏனைய அறவீடுகள்" என்று ஒரு வரி. அரசாங்கத் தாள்களில் "ஏனைய" என்ற சொல்லைக் கண்டால் அங்கேதான் தோண்டவேண்டும். அந்த வரியிலிருந்த தொகையும் மேலேயிருந்த இடர்கடன் தவணையும் சதம் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"பிள்ளை, உமக்கு எத்தினை கடன்?"

"ஒண்டுதான் அங்கிள். கலியாணத்துக்கு முதல் எடுத்தது."

"உங்கடை கந்தோர் ரெண்டுக்குப் பிடிச்சிருக்கு."

அவளுடைய முகம் சுருங்கிப்போயிற்று. தேறிய சம்பளத்தைப் பார்த்துத்தான் வங்கி கடன் தொகையைத் தீர்மானிக்கும். ஒரு தவணை கூடுதலாகக் கழிந்தால் வங்கியின் கணக்கில் அவள் அந்த அளவுக்கு ஏழை. அந்த அளவு ஏழைக்கு அந்தக் காணி வராது.

"அடுத்த மாசச் சம்பளத்திலை சரிப்படுத்தித் தருவினமோ?"

"தருவினம். அதுக்கிடையிலை கனடாக்காரர் போயிடுவார்."

"அப்ப என்ன செய்யிறது?"

என்ன செய்வது என்று என்னைக் கேட்பது, பசித்தவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போன்றது. சம்பளப் பிரிவுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றேன். பிழையைச் சுட்டிக்காட்டி, திருத்திய சம்பளச் சீட்டுக் கோரி. அவள் பெரிய நிம்மதியோடு, "நாலு வரி எழுதித் தாங்கோ அங்கிள், நான் நாளைக்கே கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றாள்.

நாலு வரி! முப்பத்தாறு வருடத்தில் நான் நாலு வரியில் எழுதிய ஒரே கடிதம் என் ஓய்வு விண்ணப்பம். அதற்கும் ஆறு இணைப்புகள் இருந்தன.

அன்று இரவு முழுக்க எழுதினேன். என்னுடைய பழைய தட்டச்சுப் பொறியை இறக்கித் தூசு தட்டினேன். முதலில் முகவரி. கடிதம் நேரடியாகச் சம்பளப் பிரிவுக்குப் போகக்கூடாது. அவள் வேலை செய்யும் அலுவலகத் தலைவர் ஊடாகப் போகவேண்டும். பொருள் என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே கோடு. பந்திகளுக்கு இலக்கம். முதலாம் பந்தியில் அவள் யார். இரண்டாம் பந்தியில் கடன் எப்போது, எத்தனை தவணையில். மூன்றாம் பந்தியில் கழிவு எவ்வாறு இருமுறை நிகழ்ந்தது. நான்காம் பந்தியில் தாபன விதிக்கோவை. ஐந்தாம் பந்தியில் நிதிப் பிரமாணங்கள். ஆறாம் பந்தியில், பிழையாகக் கணிக்கப்பட்ட கழிவுக்கு அதைக் கணித்தவரும் அத்தாட்சிப்படுத்தியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பதை மிகவும் பணிவான சொற்களில் ஞாபகப்படுத்தினேன். பணிவான சொற்களில் சொல்லும்போதுதான் அது உறைக்கும். ஏழாம் பந்தியில்தான் அவளுக்கு உண்மையில் வேண்டியது வந்தது: திருத்திய சம்பளச் சீட்டு, பத்தாம் திகதிக்கு முன்னர்.

கடைசியில் இடதுபக்கம், அடியில், "பிரதி" என்று போட்டேன். ஒன்று திணைக்களத் தலைவருக்கு. இரண்டு உள்ளகக் கணக்காய்வுப் பிரிவுக்கு.

வெளியாட்களுக்கு இது விளங்காது. ஓர் அரசாங்கக் கடிதத்தின் பலம் அதன் உடம்பில் இல்லை, அடியிலுள்ள பிரதியில் இருக்கிறது. உடம்பை யாரும் வாசிப்பதில்லை. பிரதி யாருக்குப் போயிருக்கிறது என்பதை மட்டும் எல்லோரும் வாசிப்பார்கள். சேவையில் இருந்த காலத்தில் பிரதி இல்லாமல் வந்த கடிதங்களை நான் "பின்னர்" என்று ஒரு தட்டில் போடுவேன். அந்தத் தட்டு ஒருபோதும் காலியானதில்லை.

மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை கேட்டது ஒரு சீட்டு. நீங்கள் ஆரையோ வேலையாலை நிப்பாட்டப் போறியள் போலை கிடக்கு."

"உனக்கு உது விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. சம்பளம் குடுக்கிறவனுக்கு விளங்குமோ எண்டு பாருங்கோ."

மறுநாள் காலையில் பின்வீட்டுப் பெண் கடிதத்தை வாசித்தாள். வாசிக்க வாசிக்கப் புருவம் மேலே போயிற்று.

"அங்கிள், இவ்வளவு வேணுமோ? நான் நேரை போய்க் கேட்டாலே…"

"நேரை போய்க் கேட்டால் 'பாப்பம்' எண்டு சொல்லுவினம். நாலு வரிக் கடிதத்தை நாலு நாளிலை மறந்துபோவினம். இதை மறக்கேலாது."

இதில் நான் சொன்னது முற்றிலும் சரி என்பது பின்னர் நிரூபணமாயிற்று. யாருமே மறக்கவில்லை.

அவள் கையொப்பம் வைத்தாள். பஸ்ஸில் இருபது நிமிட தூரத்திலுள்ள சம்பளப் பிரிவுக்குக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பவைத்தேன். அவளுடைய அலுவலகத் தலைவர் ஊடாகப் போகவேண்டிய பிரதி ஊடாகப் போயிற்று. தாமதமாகாதிருக்க முன்கூட்டியே அனுப்பும் முற்பிரதிதான் இப்படி நேரே போயிற்று. தபால் துண்டை நானே கோவையில் குத்தி வைத்தேன். அவள் பெயரில் புதுக் கோவை ஒன்று திறந்திருந்தேன் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

பிறகு அமைதி. முதல் மூன்று நாள் அமைதியை நான் மதித்தேன். ஒரு கடிதம் உள்வரும் பதிவேட்டில் ஏறி, மேசைக்கு இறங்கி, குறிப்பு எழுதப்படுவதற்கு மூன்று நாள் நியாயமானது. ஐந்தாம் நாள் அவள் சம்பளப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தாள். "உங்கடை விடயம் மேலை போயிட்டுது" என்றார்களாம். அவள் சந்தோஷமாக வந்து சொன்னாள். நான் சந்தோஷப்படவில்லை. அரசாங்க அலுவலகத்தில் மேலே போன விடயம் கீழே வருவதற்குப் படி இல்லை.

ஏழாம் திகதி அவள் அரைநாள் லீவு போட்டாள். இருவரும் ஓட்டோவில் போனோம். சம்பளப் பிரிவில் முன்மேசையில் இருந்தவனைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. பல வருடத்துக்கு முன் என்னிடம் பயிலுனராக இருந்தவன். இப்போது தலை முன்பக்கம் வெளித்துவிட்டது.

"சேர்! எப்பிடி இருக்கிறியள்? சிவப்புப் பேனை இன்னும் இருக்கோ?"

"இருக்கு. இந்தப் பிள்ளையின்ரை கடன் விசயமா வந்தனான்."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அப்ப அந்தக் கடிதம்… சேர் எழுதினதோ?"

"கையெழுத்து அவவின்ரை."

"ஆறாம் பந்தியை வாசிக்கேக்கையே நினைச்சனான் சேர். 'கூட்டாகவும் தனித்தனியாகவும்.' எனக்கு நாரி விறைச்சுப்போச்சு. பழைய ஞாபகம்."

பிழை எப்படி வந்தது என்று கேட்டேன். அவன் கதிரையை இழுத்துப் போட்டு, பெருமையோடு விளங்கப்படுத்தத் தொடங்கினான்.

"கடன் பிரிவிலையிருந்து மாசம் மாசம் லிஸ்ற் வரும் சேர். ஆராரிலை எவ்வளவு பிடிக்கவேணுமெண்டு. இந்தமுறை அதிலை ரெண்டு பேர் இருந்தவை. ஒண்டு இவ. மற்றதும் இதே பேர், முதலெழுத்து மட்டும் வேறை. அப்பிடி ஓர் ஆள் எங்கடை சம்பளப் பட்டியலிலை இல்லை. விட்டிட்டு இருக்கலாமோ? அரசாங்கக் காசு. தேடினன். பக்கத்து மேசை அக்காதான் சொன்னா, ஒண்டு தேப்பன்ரை எழுத்து, மற்றது புருசன்ரை எழுத்து, ரெண்டும் இந்தப் பிள்ளைதான், கலியாணம் முடிச்சுப் பேர் மாத்தினவ எண்டு. உடனை போட்டிட்டன்."

"எதைப் போட்டனீர்?"

"ரெண்டாவதையும் சேர். ஒரு வரிதான் இடர்கடனுக்கு இருக்கு, அதாலை மற்றதை 'ஏனைய'வுக்கை போட்டன்."

"தம்பி, ரெண்டும் ஒரே ஆளெண்டு உமக்குத் தெரியும்."

"ஓம் சேர்."

"தெரிஞ்ச பிறகுமோ பிடிச்சனீர்?"

"தெரிஞ்சபடியால்தான் சேர் பிடிச்சனான். இல்லாட்டி ஆரிலை பிடிக்கிறது?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் பிறந்தபோது தகப்பனின் எழுத்து நிற்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவனின் எழுத்து வந்து நிற்கும். சம்பளத்துக்குச் சற்று முன்னர் அவள் விவாகப் பதிவுச் சான்றிதழைக் கொடுத்துப் பெயரை மாற்றியபோது கடன் பிரிவில் யாரோ மரியாதையாகப் புதிய பெயருக்குப் புதிய பக்கம் திறந்து, மிச்சக் கடனை அங்கே எழுதியிருக்கிறார்கள். பழைய பக்கத்துக்குக் கோடு இழுத்து முடிக்க மறந்துவிட்டார்கள். கன்னிப்பெண்ணும் கடன்காரி, கல்யாணம் முடித்தவளும் கடன்காரி. இந்த அலுவலகத்திலேயே ஒரு விடயத்தை விசாரித்து வேலை செய்த ஒரே ஆள் இவன். அந்த விசாரணைதான் இவளைக் கவிழ்த்தது.

"சரி, விளங்கிட்டுதெல்லோ. திருத்திய சீட்டைத் தாரும்."

"அதுதான் சேர் ஏலாது."

"ஏன்? கணக்கு மாதம் மூடியாச்செண்டு எனக்கும் தெரியும். கொம்பியூட்டரிலை மாத்தச் சொல்லேல்லை. அதே சீட்டைத் திரும்ப எடுத்து, கையாலை திருத்தி, கணக்காளர் கையொப்பம் வைச்சு முத்திரை குத்தினால் போதும். கூடப் பிடிச்சதை அடுத்த சம்பளத்தோடை குடுக்கிறது."

"அது எனக்கும் தெரியும் சேர். நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். ஆனால் கடன் பதிவேட்டைப் பாத்துத்தான் கணக்காளர் கையொப்பம் வைப்பார். பதிவேடு இஞ்சை இல்லை."

"எங்கை?"

அவன் விரலால் கூரையைக் காட்டினான். மேல்மாடியில் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவு.

"நீங்கள் பிரதி போட்டனீங்கள் சேர். வந்து ஐயவினா எண்டு விளக்கம் கேட்டுக் கடிதம் ஒண்டு குடுத்திட்டுப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போட்டினம். இப்ப முழுத் திணைக்களத்தின்ரை கடன் கணக்கையும் முதல்லையிருந்து பாக்கினம். கலியாணம் முடிச்ச பொம்பிளையள் எல்லாற்றை பக்கமும். ஒரு மூண்டு மாசம் செல்லும்."

பின்வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் விளங்காமல் பார்த்தாள்.

"அங்கிள், மூண்டு மாசமோ?"

முன்மேசைக்காரன் கூட வர, கணக்காளரிடம் போனோம். என் மகன் வயதுதான். கதிரையை விட்டு எழுந்து மரியாதையாக வரவேற்றார். மேசையில் என் கடிதம் கிடந்தது. ஓரங்களெல்லாம் பச்சை, நீலம் என்று பலர் குறிப்பு எழுதியிருந்தார்கள். முப்பத்தாறு வருடத்தில் என் கடிதம் ஒன்றை இத்தனை பேர் வாசித்து நான் கண்டதில்லை.

"ஐயா, உங்கடை கடிதத்திலை ஒரு பிழையும் இல்லை," என்றார். "அதுதான் பிரச்சினை. பிழை இருந்திருந்தால் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பம். தங்கச்சி ஒரு தாளோடை நேரை வந்திருந்தால் அண்டைக்கே செய்து குடுத்திருப்பன். இப்ப பதிவேடு மேலை. என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

"பதிவேட்டை எப்பிடிக் கீழை எடுக்கிறது?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"முறைப்பாடு செய்தவர் தனக்குத் தீர்வு கிடைச்சிட்டுது, கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன் எண்டு எழுதிக் குடுத்தால், அவை அந்தப் பக்கத்தைப் பாத்து முடிச்ச மாதிரிக் குறிச்சுப் பதிவேட்டை விடுவினம். மிச்சப் பக்கங்களைப் பேந்து வந்து இஞ்சையே பாப்பினம்."

நான் அந்த வசனத்தை இரண்டுமுறை மனதில் ஓடவிட்டேன்.

"அப்ப, தீர்வு கிடைக்கிறதுக்கு, தீர்வு கிடைச்சிட்டுதெண்டு எழுதித் தரவேணும்."

"ஓம் ஐயா."

"கிடைக்காத ஒண்டைக் கிடைச்சதெண்டு எழுதிறது பொய் அறிக்கை."

"ஓம் ஐயா," என்றார் அவர், அதே மரியாதையோடு.

நான் விடவில்லை. "தீர்வு வழங்கப்படும் என உறுதியளிக்கப்பட்டமையால்" என்று எழுதலாம் என்றேன். அது பொய்யல்ல. சட்டத்துக்கும் நிற்கும். முன்மேசைக்காரன் அந்த வசனத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு மேலே ஓடினான். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தான்.

"'வழங்கப்படும்' எண்டால் இன்னும் வழங்கேல்லை எண்டு அர்த்தமாம் சேர். அப்ப ஐயவினாவை மூடேலாதாம். 'கிடைத்தது' எண்டு இருக்கவேணுமாம்."

"கணக்காய்வுக்காரர் பொய்யைக் கேட்டு வாங்கினமோ?"

"அவைக்கு அது பொய்யெண்டு தெரியாது சேர். பதிவேடு அவையிட்டை இருக்கெண்டாலும், அதைத் திறந்து பாக்க இன்னும் முறை வரேல்லை."

நான் எழுந்தேன். இதைத் திணைக்களத் தலைவரிடம் கொண்டுபோவது என்று தீர்மானித்திருந்தேன். மேன்முறையீட்டின் முதல் பந்தி தலைக்குள் தயாராகியும்விட்டது. அதற்கு யார் யாருக்குப் பிரதி போடுவது என்பதும்தான்.

பின்வீட்டுப் பெண் எழும்பவில்லை.

"அங்கிள், இருங்கோ."

"நீர் பயப்பிடாதையும். ஞாயம் எங்கடை பக்கம்."

"அது தெரியும் அங்கிள். ஞாயம் எங்கடை பக்கமே இருக்கட்டும். எனக்குக் காணிதான் வேணும்." அவள் குரல் உயரவில்லை. "அவர் விடியப்புறம் நாலு மணிக்குக் கடலுக்குப் போறவர். வந்து அந்தக் காணிக்குப் பக்கத்திலை சைக்கிளை நிப்பாட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிப்பார். நீங்கள் வெல்லோணுமெண்டால் வேறை ஆற்றையும் சம்பளத்திலை வெல்லுங்கோ. என்ரை சம்பளத்தை விடுங்கோ."

முன்மேசைக்காரன் சடாரென்று ஒரு பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என்னிடம் பயிலுனராக இருந்த காலத்தில் அவனுக்குச் சொல்ல வராமல் போனதை ஒரு பெண்பிள்ளை இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாள் என்ற சந்தோஷம் அவனுடைய கழுத்தின் பின்பக்கத்தில்கூடத் தெரிந்தது.

அவள் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கைப்பையிலிருந்து பேனையை எடுத்தாள். இலக்கம் இல்லை, பொருள் இல்லை, கோடு இல்லை. எழுதிவிட்டு எனக்குக் காட்டாமல் நேரே கணக்காளரிடம் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு மேசையில் வைத்தபோது நான் தலைகீழாக வாசித்தேன்.

"ஐயா, என் கடன் தவணை பற்றிய பிரச்சினைக்குத் தீர்வு கிடைத்தது. முன்பு தந்த கடிதத்தைத் திருப்பி எடுக்கிறேன். உதவிக்கு நன்றி."

மூன்றே வசனம். மூன்றிலும் உண்மை கிடையாது. திகதியை மட்டும் கேட்டு எழுதினாள். அது சரி.

தாள் மேலே போயிற்று. பத்து நிமிடத்தில் கடன் பதிவேடு, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் முன்மேசைக்காரனின் இரண்டு கையிலும் இறங்கி வந்தது. அவன் பழைய பெயருள்ள பக்கத்தைத் திறந்து, மிச்சம் எந்தப் பக்கத்துக்குப் போயிற்று என்று குறிப்பு எழுதி, அடிமட்டம் வைத்துக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தான். இத்தனை பாட்டுக்கும் காரணம் அந்த ஒரு கோடு. இழுக்க இரண்டு விநாடிகூட எடுக்கவில்லை. பிறகு சம்பளச் சீட்டின் மறுபிரதியை எடுத்தான். "ஏனைய அறவீடுகள்" வரியை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளால் குற்றொப்பம் வைத்தான். மொத்தக் கழிவை மாற்றினான். தேறிய சம்பளத்தை மாற்றினான். அடியில், கூடுதலாக அறவிடப்பட்ட தொகை அடுத்த மாதச் சம்பளத்துடன் மீளளிக்கப்படும் என்று எழுதினான். நான் கூட்டலைப் பார்த்தேன். சரியாக இருந்தது. என்னிடம் படித்தவன் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

கணக்காளர் கையொப்பமிட்டு முத்திரை குத்தினார். பெண் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கெதியாப் போங்கோ தங்கச்சி, வங்கி மூண்டு மணியோடை சரி," என்றார். என்னைப் பார்த்து, "ஐயா, எங்களுக்கு இந்தமாதிரி வடிவா எழுதிற ஆக்கள் இப்ப இல்லை" என்றார். அதைப் பாராட்டாக எடுப்பதா என்று ஓட்டோவில் ஏறும்வரை யோசித்தேன்.

ஓட்டோவில் அவள் சீட்டை மடியில் வைத்திருந்தாள். காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடிப்பதற்காக நான் குனிந்தபோதுதான் கண்டேன். கணக்காளர் கையொப்பத்தின் கீழே திகதி போடவில்லை.

திருத்தப்பட்ட ஓர் ஆவணத்தில், அத்தாட்சிக் கையொப்பத்துக்குக் கீழே, திகதி இல்லை. என்னிடம் வந்திருந்தால் அந்தத் தாளைச் சுழற்றி எறிந்திருப்பேன். ஓட்டோவைத் திருப்பச் சொல்ல வாயைத் திறந்தேன். கைக்கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடம் காட்டியது. திரும்பிப் போனால் கணக்காளர் சாப்பாட்டுக்கு எழும்பியிருப்பார். வாயை மூடிக்கொண்டேன்.

வங்கியில் கடன் அதிகாரி ஓர் இளைஞன். சீட்டை வாங்கினான். முன்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பார்த்தான். வெட்டியிருந்த வரியில் விரலை வைத்தான். குற்றொப்பத்தில் விரலை வைத்தான். முத்திரையில் வைத்தான். விரல் கையொப்பத்துக்கு இறங்கியபோது நான் எதிரிலிருந்த சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

"இது திருத்தினதோ?"

"ஓம்," என்றாள் அவள். "பிழையா ரெண்டு தவணை பிடிச்சிட்டினம். இப்ப சரி."

"கணக்காளரின்ரை முத்திரை இருக்கு, காணும்." அவன் கொம்பியூட்டரில் தட்டினான். தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். நான் கதிரையின் நுனியில் இருந்த விதம் அவனுக்கு ஏதோ சொல்லியிருக்கவேண்டும்.

"ஐயா ஏதும் சொல்லப்போறியளோ?"

பின்வீட்டுப் பெண்ணும் திரும்பினாள். அவள் கண்ணில் இருந்ததைப் பயம் என்று சொல்லமாட்டேன். என்னை ஒழுங்கையில் தூரத்தில் வைத்திருக்கும் எல்லோருடைய கண்ணிலும் இருப்பதுதான்.

"இல்லை," என்றேன். "எனக்கு ஒண்டும் சொல்ல இல்லை."

அவன் சீட்டைப் போட்டோப் பிரதி எடுத்து, தன்னுடைய முத்திரையைக் குத்தி, திகதியைத் தானே போட்டுக் கோவையில் வைத்தான். பதின்மூன்றாம் திகதி நொத்தாரிசு வீட்டில் உறுதி எழுதினார்கள். சாட்சிக் கையொப்பத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உறுதியை வாசித்துப் பார்க்காமல் கையொப்பம் வைக்கும்படி மனைவி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். நான் வாசித்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். நொத்தாரிசு என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

வாசித்து முடித்துக் கையொப்பம் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.